மொரீஷியஸ் மொட்டைமாடி: 20 டிகிரி சாய்வு, புயலுக்குப் படுக்கும் சட்டம்

ரோஸ்ஹில் வாத்தியார், 14 மே

மாடியில் ஒரே ஒரு சோலார் பேனல் வைக்கப் போகிறேன். 550 வாட், 2279 க்கு 1134 மில்லிமீட்டர், எடை 28 கிலோ. சிஇபி மின்வாரிய லைனோடு இணைக்கவில்லை. பேட்டரி, சின்ன இன்வெர்ட்டர், கரண்ட் போனால் ஃபேனும் லைட்டும் ஓட வேண்டும், அவ்வளவுதான். கான்கிரீட் தளம், சுற்றிலும் கைப்பிடிச் சுவர்.

யூடியூபில் தமிழில் பார்த்த எல்லாரும் தெற்கு நோக்கி வைக்கச் சொல்கிறார்கள். நாம் இருப்பது தென் அட்சரேகை 20. வடக்கு நோக்கி 20 டிகிரி என்று நினைக்கிறேன். கடையில் விற்கும் ஸ்டாண்டு 15 டிகிரியில் நிலையாக இருக்கிறது, சாய்வை மாற்ற முடியாது. நானே அலுமினிய ஆங்கிள் வாங்கிச் செய்தால் என்ன? கோணத்தை மாற்றக்கூடிய மாதிரி. செய்தவர்கள் சொல்லுங்கள்.

கோவை சோலார் பித்தன், 14 மே

சார், தெற்குதான். எங்கள் வீட்டில் தெற்கு நோக்கி 11 டிகிரியில் ஏழு வருடமாக ஓடுகிறது. விதி இதுதான்: வருடம் முழுக்க ஒரே கோணம் என்றால் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. மாற்றுவீர்கள் என்றால் குளிர்காலத்தில் 15 கூட்டுங்கள், வெயில்காலத்தில் 15 குறையுங்கள். உங்களுக்கு 35, 5. தெற்கு நோக்கி.

தூத்துக்குடி வெல்டர், 15 மே

கணக்கு சரி, திசை தப்பு தம்பி. நான் இந்தத் தீவில் கட்டட வேலைக்கு வந்து நிறைய வருடம் ஆயிற்று. இங்கே ஜூன் மாத உச்சிவெயில் வடக்கே இருந்து வரும், அதுவும் 46 டிகிரி உயரத்தில்தான். அந்த நேரம் பேனலைத் தெற்கே காட்டினால் முதுகில் வெயில் காயும். வாத்தியாரே, வடக்கு. பேனலின் தாழ்ந்த விளிம்பு வடக்கே, உயரக் கால் தெற்கே.

ஆனால் கோணத்துக்கு முன்னால் காற்றை யோசியுங்கள். நம் ஊர் வழக்கமான காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது. உயரக் கால் தெற்கே இருந்தால், பேனலின் திறந்த பின்புறம் அந்தக் காற்றைப் பார்த்து நிற்கும். தினசரிக் காற்றுக்கு ஒன்றும் ஆகாது. புயலுக்கு?

ரோஸ்ஹில் வாத்தியார், 15 மே

வடக்கு முடிவாகிவிட்டது. நன்றி அண்ணே. புயலைப் பற்றி விரிவாகச் சொல்லுங்கள். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது எதிர்வீட்டு மாடித் தகரம் எங்கள் மாமரத்தில் வந்து உட்கார்ந்தது. அதனால் அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது.

க்யூர்பிப் அக்கா, 16 மே

எங்கள் வீட்டு வெந்நீர் சோலார் இதைவிடச் செங்குத்தாக நிற்கிறதே, அதைக் கொஞ்சம் தாழ்த்தலாமா? எங்கள் ஊரில் பாதி நாள் மேகம்தான். தண்ணீர் சூடாக மாட்டேன் என்கிறது.

தூத்துக்குடி வெல்டர், 16 மே

அக்கா, அது வேறு சமாச்சாரம். அதில் சூடான தண்ணீர் தானாக மேலே ஏறித் தொட்டிக்குப் போக வேண்டும். சாய்வைக் கண்டபடி தாழ்த்தினால் சுற்றோட்டம் மந்தமாகும். தொட்டி தட்டின் மேல் விளிம்பைவிட உயரத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இந்த இழை கரண்ட் பேனலுக்கு.

ரோஸ்ஹில் வாத்தியார், 19 மே

வடக்கைப் பிடிக்கப் போய் ஒரு வேடிக்கை. போன் காம்பஸ் காட்டிய வடக்கும், மதிய நிழல் காட்டிய வடக்கும் ஒத்துப்போகவில்லை. கொஞ்சநஞ்சமல்ல, கண்ணால் பார்த்தாலே தெரிகிற வித்தியாசம். இரும்புக் கம்பி பக்கத்தில் இருந்ததோ என்று மாடியின் நடுவில் போய்ப் பார்த்தேன். அப்போதும் அப்படியே.

விஷயம் இதுதான். மொரீஷியஸில் காந்தமுள் உண்மையான வடக்கிலிருந்து சுமார் 18 டிகிரி மேற்கே விலகிக் காட்டும். தமிழ்நாட்டில் இந்த விலகல் மிகச் சிறியது, அதனால் அங்கே எடுத்த வீடியோக்களில் யாரும் இதைப் பேசுவதில்லை. போன் செட்டிங்கில் உண்மை வடக்கு என்ற வசதி இருந்தால் போட்டுக்கொள்ளலாம். எனக்கு நிழலே போதும். நம் ஊர் கடிகாரத்தில் இந்த வாரம் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12:06. அந்த நேரம் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, தளத்தில் விழும் நிழல்மேல் சாக்பீஸால் கோடு போட்டேன். நிழல் தெற்கே விழும், எதிர்ப்பக்கம் வடக்கு. அடிரெயில் இந்தக் கோட்டுக்கு இணையாக வரும்.

கோவை சோலார் பித்தன், 19 மே

சரி சார், திசையை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. டிசம்பரில் உங்களுக்குச் சூரியன் தெற்கே போய்விடுமே, அப்போது பேனலைத் தெற்கே திருப்ப வேண்டாமா? அந்த அளவுக்கு நான் சொன்னது சரிதானே!

ரோஸ்ஹில் வாத்தியார், 20 மே

போகும். நவம்பர் 22 வாக்கிலிருந்து ஜனவரி 20 வாக்கு வரை உச்சிச் சூரியன் நமக்குத் தெற்கே. ஆனால் எவ்வளவு தெற்கே? டிசம்பர் 21 இல்கூட தலைக்கு நேர் மேலிருந்து 3 டிகிரிதான். அதற்காக யாரும் சட்டத்தைத் திருப்ப மாட்டார்கள்.

நேற்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வெயில் பேனலில் நேராக விழுந்தால் 100 என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 21 மதியம் தட்டையாகப் படுத்திருக்கும் பேனலுக்கு 72, 20 டிகிரியில் 92, 35 டிகிரியில் 99. டிசம்பரில் தட்டையில் கிட்டத்தட்ட 100, 10 டிகிரியில் 97, 20 டிகிரியில் 92.

இதைப் பார்த்ததும் என் ஆசை பாதி இறங்கிவிட்டது. வருடத்துக்கு இரண்டு முறை மாடியேறிக் கோணம் மாற்றினாலும், 20 டிகிரியில் சும்மா விட்டதைவிட மூன்று நான்கு சதவீதம் கூடக் கிடைத்தால் பெரிது. மேகத்தைச் சேர்த்தால் அதுவும் குறையும். அப்படியானால் கீல் வைத்த சட்டம் எதற்கு?

தூத்துக்குடி வெல்டர், 20 மே

படுக்க வைக்க! அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்.

உங்கள் பேனலின் பரப்பு 2.6 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று அதன் முதுகில் நேராக அடித்தால் ஏறக்குறைய 175 கிலோ தள்ளு. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. 240 இல் 700 கிலோ. சாய்ந்த தட்டில் விளிம்புச் சுழலும் சேரும், அதனால் உண்மையில் இன்னும் கூடலாம். 1975 ஜெர்வேஸ் புயலில் இந்தத் தீவில் 280 வரை அடித்திருக்கிறது.

எவ்வளவு கனமான ஆங்கிள் போட்டாலும் சட்டம் நிற்கும், பேனல் நிற்காது. பேனல் தகவல்தாளை எடுத்துப் பாருங்கள். முன்புறம் 5400 பாஸ்கல், பின்புறம் 2400 பாஸ்கல் என்று போட்டிருக்கும். அது சோதனைக் கூடத்தில் தாங்கிய அளவு, தினமும் நம்பலாம் என்ற அளவு இல்லை. 240 காற்றின் அழுத்தமே 2600 ஐத் தாண்டும். கண்ணாடி உடையும், இல்லாவிட்டால் பேனல் அதன் அலுமினிய ஓரத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். எனவே கோணம் மாற்றுவது போனஸ். புயலுக்கு முன் தட்டையாகப் படுத்துப் பூட்டுவதுதான் இந்தச் சட்டத்தின் வேலை.

டர்பன்காரன், 21 மே

ஏன் இவ்வளவு சிரமம்? தளத்தில் ஓட்டை போட்டால் மழைக்கு ஒழுகும். என் மச்சான் சாட்ஸ்வொர்த்தில் சிமெண்ட் கல்லை ஏற்றி வைத்தே நான்கு பேனல் நிறுத்தியிருக்கிறார். 30 டிகிரி, வடக்கு நோக்கி. ஒரு பிரச்சினையும் இல்லை.

தூத்துக்குடி வெல்டர், 21 மே

டர்பனுக்கு அது ஓடும் தம்பி. இங்கே ஒரு பேனலுக்கு 700 கிலோ பிடிக்க, 25 கிலோ கல் 28 வேண்டும். மாடியில் பேனல் இருக்கிறதா, கல்லுக்கடை இருக்கிறதா என்று கேட்பார்கள். அதுவும் தூக்குவதற்கு மட்டும்தான். ஈரத்தளத்தில் கல்லோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு போவது வேறு கதை.

ஒழுகும் என்ற பயம் நியாயம்தான். நான் தளத்தில் நேராக ஆங்கிளை வைக்க மாட்டேன். முதலில் அந்த இடத்தில் பழைய வாட்டர்ப்ரூஃபிங்கைச் சுரண்டி எடுத்து, தளத்தைக் கொத்தி, 10 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சின்னப் பீடம். நங்கூரக் கம்பி பீடத்தைத் தாண்டித் தளத்துக்குள் 9 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். ரசாயனப் பசை போட்டு ஒட்டும் எம்10 கம்பி. அப்புறம் பீடத்தின் பக்கவாட்டிலும் சேர்த்து வாட்டர்ப்ரூஃபிங் ஏற்றிப் பூச வேண்டும். தண்ணீர் தளத்தில் தேங்கினாலும் போல்ட் ஓட்டை அதற்கு மேலே இருக்கும்.

பசை நங்கூரம் தோற்பது பசையால் அல்ல, தூசியால். ட்ரில் போட்டதும் ஓட்டைக்குள் மாவு மாதிரித் தூள் ஒட்டியிருக்கும். ஊது, பிரஷ் விட்டுத் தேய், மறுபடி ஊது. தூள் வருவது நிற்கும் வரைக்கும். இதை அவசரத்தில் விட்டவர்களின் கம்பி, நட்டை இறுக்கும்போதே பசையோடு சேர்ந்து சுற்றும். அப்படிச் சுற்றினால் அந்த ஓட்டையை மறந்துவிட்டு வேறு இடத்தில் போடுங்கள்.

ரோஸ்ஹில் வாத்தியார், 26 மே

முதல் வரைபடம் தயார். பேனலை அகலவாக்கில் படுக்க வைக்கிறேன், அதாவது நீளப்பக்கம் கிழக்கு மேற்காக. சாயும் பக்கம் 1134 தான், உயரம் குறையும், காற்றும் குறையும். பேனலின் நீள ஓரத்தில் கம்பெனியே போட்ட ஓட்டைகள் 1400 இடைவெளியில் இருக்கின்றன. அதற்கு நேராக இரண்டு பீம். பேனல் ஓரத்தில் புது ஓட்டை போடவே மாட்டேன், வாரண்டி போய்விடும்.

ஒவ்வொரு பீமுக்கும் கீழே தளத்தில் ஓர் அடிரெயில். வடக்கு முனையில் கீல். கீலிலிருந்து 1000 மில்லிமீட்டரில் பீமில் கால் மாட்டும் ஓட்டை. 600 நீளத்தில் ஒரே கால், அதன் பாதத்தை அடிரெயிலில் முன்னும் பின்னும் நகர்த்திக் கோணம் மாற்றலாம் என்பது யோசனை.

தூத்துக்குடி வெல்டர், 26 மே

பாத ஓட்டைகள் எங்கெங்கே விழுகின்றன என்று கணக்குப் போட்டீர்களா? போட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும்.

ரோஸ்ஹில் வாத்தியார், 27 மே

போட்டேன். கீலிலிருந்து 35 டிகிரிக்கு 643, 20 டிகிரிக்கு 447, 10 டிகிரிக்கு 410, தட்டைக்கு 400. பத்துக்கும் தட்டைக்கும் நடுவே 10 மில்லிமீட்டர்! எம்10 போல்ட்டுக்கு இரண்டு ஓட்டை அங்கே போட்டால் ஒன்றாகக் கிழிந்துவிடும். சாய்வு குறையக் குறைய ஓட்டைகள் நெருங்கிவிடுகின்றன.

தூத்துக்குடி வெல்டர், 27 மே

அதனால் ஒரே காலை நகர்த்துவதை விட்டுவிடுங்கள். கோணத்துக்கு ஒரு கால் வெட்டுங்கள். ஒவ்வொன்றும் செங்குத்தாக நிற்கட்டும். கணக்கும் எளிது.

```
h = L * sin(θ)
x = L * cos(θ)
```

L உங்கள் 1000. h கால் நீளம், ஓட்டை நடுவிலிருந்து ஓட்டை நடுவரை. x பாதம் விழும் இடம். 10 டிகிரிக்குக் கால் 174, பாதம் 985 இல். 35 டிகிரிக்குக் கால் 574, பாதம் 819 இல். இரண்டு ஓட்டைக்கும் நடுவே தாராளமாக இடம். 20 டிகிரியும் வேண்டுமென்றால் 342 கால், 940 இல் ஓட்டை.

ஒன்று கவனம். கீல் ஊசியும் பாத ஊசியும் தளத்திலிருந்து ஒரே உயரத்தில் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

தட்டைக்குக் கால் தேவையில்லை. ஆனால் பூட்டை 1000 இல் வைக்காதீர்கள், 985 பாதத்தோடு மறுபடி முட்டும். பீமை 1110 வரை நீட்டி, 1080 இல் தனி ஓட்டை. பீம் அடிரெயிலின் பக்கவாட்டில் ஒட்டிப் படுக்க, குறுக்கே போல்ட்.

ரோஸ்ஹில் வாத்தியார், 3 ஜூன்

அலுமினிய ஆங்கிள் 40 க்கு 40, கனம் 4, வாங்கியாயிற்று. அட்டையில் முழு அளவில் வெட்டி மாதிரி செய்து பார்த்ததில் ஒன்று புரிந்தது. முன்பின்னாக முக்கோணம் அசையாமல் நிற்கிறது. பக்கவாட்டில் தள்ளினால் நடனம் ஆடுகிறது. அதனால் இரண்டு பின்கால்களுக்கும் குறுக்கே மூலைவிட்டமாக ஒரு பட்டை. குட்டைக் காலில் அதற்கு இடமில்லை, அங்கே காலை அகலத் தகடாகவே வெட்டிவிட்டேன்.

அண்ணே, இணைப்புகளை வெல்டிங் வைத்துவிடலாமா? பட்டறை பக்கத்திலேயே இருக்கிறது.

தூத்துக்குடி வெல்டர், 3 ஜூன்

வெல்டர் நானே சொல்கிறேன், வேண்டாம். இந்த வகை அலுமினியம் வெல்டிங் சூட்டில் அந்த இடத்தில் மெத்தென்று ஆகிவிடும், பலம் பாதிக்குப் பக்கமாகக் குறையும். போல்ட் போடுங்கள். 316 ஸ்டெயின்லெஸ், நைலான் பிடித்த நட்டு. அலுமினியத்தோடு தொடும் இடத்தில் நைலான் வாஷர், உப்புக்காற்றில் அரிக்காமல் இருக்க. மரையில் கிரீஸ் தடவாமல் மாட்டினால் ஸ்டெயின்லெஸ் நட்டு பாதி வழியில் கடித்துக்கொள்ளும். முன்னும் போகாது, பின்னும் வராது, ரம்பம்தான் கதி. புயல் எச்சரிக்கை நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

டர்பன்காரன், 4 ஜூன்

அவசரத்துக்கு என்றால் போல்ட் எதற்கு? ஊசியும் கிளிப்பும் போதுமே. டிரெய்லர் கொக்கியில் இருப்பது மாதிரி, இழுத்தால் வந்துவிடும்.

தூத்துக்குடி வெல்டர், 4 ஜூன்

காலுக்கு ஊசி போடலாம். ஆனால் ஊசி ஓட்டையில் லொடலொடவென்று ஆடும், தென்கிழக்குக் காற்றில் ராத்திரி முழுக்கச் சத்தம், மெல்ல மெல்ல ஓட்டை முட்டை வடிவமாகும். படுத்துப் பூட்டும் இடத்துக்கு மட்டும் கண்டிப்பாகப் போல்ட்.

டர்பன்காரன், 5 ஜூன்

ஓட்டைக்கு ஒரு பித்தளைப் புஷ் போட்டால் ஆடாது. என் டிரெய்லரில் பதினைந்து வருடம்.

ரோஸ்ஹில் வாத்தியார், 16 ஜூன்

நின்றுவிட்டது! 35 டிகிரி, வடக்கு. கைப்பிடிச் சுவரிலிருந்து எல்லாப் பக்கமும் ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி. தட்டையாகப் படுத்தாலும் காற்று மேலே உறிஞ்சும், மூலையிலும் ஓரத்திலும்தான் அது மோசம் என்று வெல்டர் அண்ணன் தொலைபேசியில் மிரட்டியதால்.

இன்று படுக்க வைத்துப் பழகினேன். முதலில் இன்வெர்ட்டர் பக்கத்து ஐசொலேட்டர் சுவிட்சை அணைத்தேன். வயர் கனெக்டர்களைக் கழற்றுவதில்லை. வெயிலில் கரண்ட் ஓடும்போது அதை உருவினால் தீப்பொறி பறக்கும். தெற்கு விளிம்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க ஒருவர், கால் போல்ட்டை உருவ ஒருவர். கீலில் பாதி எடை நிற்பதால் கையில் வருவது பதினைந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான், ஆனால் தனியாக ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஸ்பேனர் திருகும் காரியமில்லை. வீட்டுக்காரி பிடித்தாள், "இதை நீங்கள் பிடியுங்கள், நான் கழற்றுகிறேன்" என்று இரண்டாம் காலில் இடம் மாறினாள். அவள் கழற்றியதுதான் வேகம்.

அப்போதுதான் தெரிந்தது, பேனலின் பின்பெட்டியிலிருந்து இறங்கும் வயர் பீமுக்கும் ரெயிலுக்கும் நடுவில் போய் உட்கார்கிறது. அழுத்தியிருந்தால் தோல் கிழிந்திருக்கும். வயரைக் கீல் பக்கம் கொண்டுபோய், அங்கே ஒரு தளர்ந்த வளையம் விட்டு, பீமின் உள்பக்கம் கட்டிவிட்டேன். கீல் பக்கம் அசைவே குறைவு.

க்யூர்பிப் அக்கா, 17 ஜூன்

புயல் எச்சரிக்கை எத்தனையாம் வகுப்புக்குப் படுக்க வைப்பீர்கள்? நான்காம் வகுப்பில் மாடியேறுகிற ஆளா நீங்கள்?

ரோஸ்ஹில் வாத்தியார், 17 ஜூன்

இரண்டாம் வகுப்பு அறிவித்ததுமே அக்கா. 120 கிலோமீட்டர் காற்று வருவதற்குப் பன்னிரண்டு பகல் மணி நேரம் முன்னால் அது வரும் என்பது ஏற்பாடு. மூன்றாம் வகுப்புக்கு ஆறு மணி நேரம்தான், அதற்குள் கடைக்கு ஓடுவதா, மாடிக்கு ஓடுவதா? சந்தேகமாக இருந்தால் முதல் வகுப்பிலேயே படுத்துவிடும். இரண்டு நாள் கரண்ட் கொஞ்சம் குறைந்தால் குடி முழுகாது. டிசம்பர், ஜனவரியில் தட்டையாகக் கிடந்தாலும் நஷ்டமே இல்லை, சூரியன் தலைக்கு மேலேதான்.

கோவை சோலார் பித்தன், 18 ஜூன்

அப்படியானால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல்காலம் முழுக்கத் தட்டையாகவே விட்டுவிடலாமே சார்?

ரோஸ்ஹில் வாத்தியார், 18 ஜூன்

யோசித்தேன். தட்டையில் மழைநீர் பேனலின் அலுமினிய விளிம்புக்குள் தேங்கி, காய்ந்து, அழுக்குக் கோடு போடும். கீழ் வரிசை செல்கள் மேல் அந்தக் கோடு விழுந்தால் நிழல் மாதிரிதான். கரும்பு எரிக்கும் பருவத்தில் கரி வேறு பறந்து வரும். 10 டிகிரி இருந்தால் மழையே கழுவிவிடும். அதனால்தான் 174 கால்.

தூத்துக்குடி வெல்டர், 2 ஜூலை

வாத்தியாரே, இரண்டு வாரம் ஆகிவிட்டது, எல்லா நட்டையும் ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். அலுமினியம் வெயிலில் விரியும், நைலான் வாஷர் நசுங்கும். முதல் தடவை எப்போதும் கால் திருகு கொடுக்கும்.

ரோஸ்ஹில் வாத்தியார், 6 ஜூலை

கொடுத்தது. கீல் போல்ட்டில் கிட்டத்தட்ட அரைத் திருகு. மற்றதில் ஒன்றுமில்லை.

ரோஸ்ஹில் வாத்தியார், 28 செப்டம்பர்

35 இலிருந்து 10 க்கு மாற்றியாயிற்று. பொழுது சமமாகும் நாளை ஒட்டி மாற்றினால் போதும், தேதியில் கறாராக இருக்க வேண்டியதில்லை. இந்த முறை டர்பன் தம்பி சொன்ன பித்தளைப் புஷ்ஷும் ஊசியும் ஒரு காலில் மட்டும் போட்டிருக்கிறேன், இன்னொரு காலில் பழைய போல்ட். எது ஆடுகிறது என்று பார்க்க.

இன்னொரு கேள்வி தீரவில்லை. படுத்துப் பூட்டிய பிறகு மேலே சரக்கு லாரி பெல்ட் போட்டு இறுக்கலாமா? பக்கத்து வீட்டுக்காரர் போட்டே ஆக வேண்டும் என்கிறார்.

தூத்துக்குடி வெல்டர், 28 செப்டம்பர்

கண்ணாடி நடுவில் பெல்ட் அழுத்தினால் காற்றில் அது துடித்துத் துடித்தே கண்ணாடியைத் தேய்க்கும். ஓரச் சட்டத்தின்மேல், இரண்டு பக்கமும் பீமுக்கு நேராகப் போட்டால் கெடுதல் இல்லை. உதவுமா என்று கேட்டால், 1080 போல்ட் பிடிக்காததைப் பெல்ட் பிடிக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

க்யூர்பிப் அக்கா, 29 செப்டம்பர்

எங்கள் வீட்டுக்காரர் பேனல் இருந்தால் மேலே ப்ளைவுட் பலகை வைத்துக் கட்டச் சொல்வார். பறந்து வரும் தகரத்துக்கு அதுதான் மருந்தாம்.

தூத்துக்குடி வெல்டர், 29 செப்டம்பர்

பலகையைக் கட்டியது அவிழ்ந்தால் அதுவே பறக்கும் தகரம் அக்கா.

டர்பன்காரன், 30 செப்டம்பர்

வாத்தியார் சார், ஊசி கால் சத்தம் போடுகிறதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

ரோஸ்ஹில் வாத்தியார், 2 நவம்பர்

இதுவரை இல்லை. ஆனால் இந்த மாதம் காற்றே பலமாக அடிக்கவில்லை, அதனால் உங்களுக்கு இன்னும் மார்க் போடவில்லை. குட்டைக் கால் என்பதாலும் இருக்கலாம். மார்ச்சில் 574 கால் ஏறும்போது பார்க்கலாம்.

பெல்ட் வாங்கி வைத்திருக்கிறேன், பீமுக்கு நேராகப் போட. பக்கத்து வீட்டுக்காரர் நிம்மதிக்காக.